கடைக்கோடிக் கிணறும் நான்கு லட்சம் வோல்ட்டும்

என் மாமாவின் கிணறு லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் இருப்பது தார்ச்சாலை ஓரத்தில். அங்கிருந்து தென்னந்தோப்பு, வாய்க்கால், ஒரு மாட்டுக்கொட்டகை எல்லாம் தாண்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்துத்தான் கரண்ட் வர வேண்டும். மூன்று வருடத்தில் இரண்டு முறை மோட்டார் எரிந்தது. காயில் கட்டுகிறவர் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு, "மோட்டார்ல தப்பு இல்லீங்க. கரண்ட் வத்தி வருதுங்க" என்றார்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்ததைக் காட்டினார். ஒரு பேஸ் அறுந்து எரிந்த மோட்டார் என்றால் சில காயில்கள் கரியாகியிருக்கும், சில புதிது போல் பளபளவென்று இருக்கும். எல்லாமே சமமாகக் கருகியிருந்தால் ஒன்று சுமை கூடியிருக்க வேண்டும், இல்லை மின்னழுத்தம் குறைந்திருக்க வேண்டும். ஸ்டார்ட்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். பக்கத்துக் கிணறுகள் எதுவும் ஓடாதபோது பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 425 வோல்ட். அந்தக் கடைசி முனையில் உள்ள ஐந்து எச்.பி. மோட்டார்கள் நான்கும் ஒன்றாக ஓடும்போது 365.

அறுபது வோல்ட் வழியில் எங்கோ போய்விட்டது. எங்கே போனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நாடு முழுக்க உயர்ந்த கோபுரங்களில் லட்சக்கணக்கான வோல்ட்டில் மின்சாரம் ஓடுவதற்கான காரணமும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்று சுமாராக எட்டு ஆம்பியர் இழுக்கும். நான்குக்கு 32 ஆம்பியர். கிராமத்து லைனில் ஓடுவது இரும்புக் கம்பி ஒன்றைச் சுற்றி ஆறு அலுமினியக் கம்பிகளை முறுக்கிய வகை. இந்தக் கம்பிகளுக்கு விலங்குகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். மெல்லியது 'அணில்', அதற்கு மேல் 'வீசல்' என்ற கீரி போன்ற ஒரு சிறு பிராணி, பிறகு 'முயல்', 'நாய்', 'சிறுத்தை', 'வரிக்குதிரை'. பெரிய கோபுரங்களில் தொங்குவது 'மூஸ்' என்னும் பெரிய மான். பிரிட்டிஷ்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்கள். ஸ்டோர் பதிவேடுகளில் இன்றும் ஆங்கிலத்தில் அப்படியேதான் இருக்கின்றன. நம் தோட்டத்துக்கு வருவது வீசல். ஒரு கிலோமீட்டர் வீசலின் மின்தடை சுமார் 0.9 ஓம்.

32 ஆம்பியர் 0.9 ஓம் கம்பி வழியாகப் போனால் 29 வோல்ட் அந்தக் கம்பியிலேயே தங்கிவிடும். ஆகவே டிரான்ஸ்பார்மர் அருகில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 இருந்தால், கிணற்றடியில் 211. அதுவே பேஸுக்கும் பேஸுக்கும் இடையே பார்த்தால் 365. மீட்டர் காட்டியது அதைத்தான்.

அந்த 29 வோல்ட் வீணாய்ப் போனதன் அளவு என்ன? கம்பியில் சூடாகிக் கரையும் மின்திறனுக்குச் சூத்திரம் I²R. மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, மின்தடையால் பெருக்க வேண்டும். 32 × 32 × 0.9 என்றால் ஒரு கம்பிக்கு 922 வாட். மூன்று கம்பிகளுக்கும் சேர்த்து 2,765 வாட். நான்கு மோட்டார்களும் உள்வாங்குவது மொத்தம் பதினெட்டரைக் கிலோவாட். அதோடு ஒப்பிட்டால் கம்பி தின்பது அதில் பதினைந்து சதவீதம். இன்னொரு மூன்று எச்.பி. மோட்டாரை ஓட்டியிருக்கலாம், அதற்குப் பதில் தென்னந்தோப்புக்கு மேலே காற்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் நிலைமை இதைவிட மோசம். பம்பு தூக்க வேண்டிய தண்ணீர் குறையவில்லை. வோல்ட் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். 415-க்குப் பதில் 365 கிடைத்தால் மின்னோட்டம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். காயிலில் பிறக்கும் சூடு 30 சதவீதம் கூடும். கூடிய ஆம்பியர் கம்பியில் இன்னும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும். கடைசியில் காயிலின் வார்னிஷ் கருகும்.

இப்போது அதே கம்பங்களில், அதே வீசல் கம்பியில், அதே நான்கு மோட்டார்களுக்கான மின்சாரத்தை 11,000 வோல்ட்டில் அனுப்பிக் கிணற்றடியில் 415-ஆக இறக்கினால் என்ன ஆகும்? மின்திறன் என்பது வோல்ட்டும் ஆம்பியரும் சேர்ந்த பெருக்கல். வோல்ட் 26.5 மடங்கு ஏறினால் ஆம்பியர் அதே அளவு இறங்கலாம். 32 ஆம்பியர் இருந்த இடத்தில் 1.2 ஆம்பியர் போதும். சூத்திரத்தில் மின்னோட்டம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் இழப்பு 26.5 மடங்கோடு நிற்காது, 26.5 × 26.5, அதாவது 700 மடங்கு இறங்கும். 2,765 வாட் இருந்த இடத்தில் நான்கு வாட். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரியும் அளவு.

பள்ளியில் ஓம் விதி படித்தவர்கள் இந்த இடத்தில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் இடறியிருக்கிறேன். அழுத்தம் கூடினால் மின்னோட்டம் கூட வேண்டும் என்றல்லவா ஓம் சொன்னார்? இங்கே எப்படிக் குறைகிறது? இன்னொன்று, இழப்பை V²/R என்றும் எழுதலாமே. அப்படிப் பார்த்தால் வோல்ட் ஏறும்போது இழப்பும் ஏற வேண்டாமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. கம்பியின் இழப்பைக் கணக்கிடும்போது அந்த V, கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள வித்தியாசம். மேலே பார்த்த 29 வோல்ட். 415-ஓ 11,000-ஓ கம்பிகளுக்கு இடையே உள்ள அழுத்தம். அது மோட்டாருக்கானது, கம்பி தின்பதற்கானது அல்ல.

முதல் கேள்வி சற்று ஆழமானது. ஓம் பொய் சொல்லவில்லை. 415 வோல்ட் மோட்டாருக்கு நேராக 11,000 கொடுத்தால் மின்னோட்டம் ஏறும், மோட்டார் அக்கணமே சாம்பலாகும். நாம் அதைச் செய்யவில்லையே. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மரை நிறுத்தியிருக்கிறோம். டிரான்ஸ்பார்மர் இல்லாதபோது கம்பி எதைப் பார்க்கிறது? ஒரு பேஸுக்கு 240 வோல்ட்டில் 32 ஆம்பியர், அதாவது 7.5 ஓம் கொண்ட ஒரு சுமையை. 7.5 ஓம் சுமைக்கு முன்னால் 0.9 ஓம் கம்பி சின்ன ஆள் இல்லை, பங்கு கேட்கும். நடுவில் டிரான்ஸ்பார்மர் வந்தபின், 11,000 வோல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே நான்கு மோட்டார்கள் 700 மடங்கு பெரிய தடையாக, ஐயாயிரம் ஓமுக்கு மேலாகத் தெரிகின்றன. அதற்கு முன்னால் 0.9 ஓம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன. கம்பி மாறவில்லை; அது கேட்கும் பங்குதான் ஒன்றுமில்லாமல் போகிறது.

அந்தச் சாலையோர டிரான்ஸ்பார்மரின் மேல் ஒரு தகரப் பலகை இருக்கும். 100 கே.வி.ஏ. வகையில் அதில் 11000/433 என்றும், மின்னோட்டம் 5.25/133.3 என்றும் எழுதியிருப்பார்கள். உள்ளே நுழையும்போது 5.25 ஆம்பியர், வெளியே வரும்போது 133.3. எந்தக் கம்பியும் அந்தப் பக்கத்துக் கம்பியைத் தொடுவதில்லை. இரண்டு சுருள்களும் ஒரே இரும்பில் சுற்றப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

1831-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் பாட்டரியை இணைத்தார். மற்றதோடு இணைத்த முள் அசைந்தது. ஆனால் பாட்டரியை இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டும்தான். இடையில் மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது முள் செத்தது போல் கிடந்தது. காந்தப்புலம் இருந்தால் போதாது, மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நம் மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருவது. இரும்புக்குள் காந்தம் ஓயாமல் ஏறி இறங்கும். அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வோல்ட் பிறக்கும். எந்தச் சுருளின் சுற்று என்ற பேதம் அதற்குத் தெரியாது. ஆகவே சுற்று எத்தனையோ அத்தனை வோல்ட்.

பலகையில் உள்ள 433 என்பது பேஸுக்கும் பேஸுக்கும் இடையே உள்ளது. ஒரு சுருளில் பிறப்பது 250 வோல்ட். மேல்பக்கச் சுருள் ஒவ்வொன்றும் 11,000 வோல்ட்டைத் தாங்குகிறது. 11,000-ஐ 250-ஆல் வகுத்தால் 44. கீழ்ச்சுருளில் 50 சுற்று என்று வைத்துக்கொண்டால் மேல்சுருளில் 2,200 சுற்று வேண்டும். மேல்சுருள் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். கீழ்ச்சுருள் தடித்த பட்டையில் சில பத்துச் சுற்றுகள். பிரித்துப்போட்ட டிரான்ஸ்பார்மரைப் பார்த்தவர்களுக்கு எது எந்தப் பக்கம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

415 வேண்டிய இடத்தில் 433 ஏன் என்று கேட்கத் தோன்றும். சுமை ஏறியதும் டிரான்ஸ்பார்மருக்குள்ளேயும் கம்பியிலும் கொஞ்சம் விழும் என்று தெரிந்தே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார்கள். சந்தையில் கொசுறு போடுவது போல. ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு அந்தக் கொசுறு போதாது என்பதுதான் மாமாவின் பிரச்சினை.

கீழே யாரோ மோட்டார் போட்டது மேல்சுருளுக்கு எப்படித் தெரிகிறது? கீழ்ச்சுருளில் ஓடும் மின்னோட்டம் இரும்பில் உள்ள காந்தத்தை எதிர்த்துத் தள்ளும். காந்தம் சற்றுத் தளர்ந்ததும் மேல்சுருள் லைனிலிருந்து கூடுதலாக இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். கீழே 44 ஆம்பியர் கேட்டால் மேல்சுருள் ஒரு ஆம்பியர் இழுக்கும். ஆள் தேவையில்லை, சுழலும் உறுப்பு ஒன்றும் இல்லை. கீழே யாரும் எதுவும் கேட்காத நடுராத்திரியிலும் காந்தத்தை ஏற்றி இறக்குவதற்கென்று கொஞ்சம் செலவாகிக்கொண்டே இருக்கும். அருகில் நின்றால் கேட்கும் அந்த 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் அதன் ஒலிதான். விநாடிக்கு 100 முறை இரும்புத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்குகின்றன.

இதே கருவிக்கு நேர்மின்சாரத்தைக் கொடுத்தால் காந்தம் மாறாது. மறுபக்கம் ஒன்றும் வராது. மேல்சுருள் சும்மா சூடாகி எரியும். எடிசன் 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையம் 110 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்தது. அதன் வாடிக்கையாளர்கள் எல்லாம் சுமார் ஒரு மைலுக்குள்தான். அதற்கு மேல் போனால் பல்பு மங்கும், அல்லது செம்புக் கம்பிக்கே சொத்தை விற்க வேண்டும். என் மாமாவின் கிணற்றுக்கு நேர்ந்ததேதான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1891-இல், ஜெர்மனியின் லாஃபன் ஊரில் நெக்கர் ஆற்று நீரில் பிறந்த மாறுமின்சாரத்தை டிரான்ஸ்பார்மரால் 15,000 வோல்ட்டுக்கு ஏற்றி, 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். புறப்பட்டதில் முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது. வாக்குவாதம் ஏறக்குறைய அதோடு முடிந்தது.

அளவை மட்டும் பெரிதாக்கினால் கூடங்குளம். அங்கே ஓர் அலகு 1,000 மெகாவாட். அதன் ஜெனரேட்டர் உற்பத்தி செய்வது 24,000 வோல்ட்டில். மூன்று பேஸிலும் தலா 24,000 ஆம்பியர். நேராகவே 4,00,000 வோல்ட்டில் உற்பத்தி செய்யலாமே என்றால், சுழலும் இயந்திரத்தின் குறுகிய காடிகளுக்குள் திணித்த கம்பிகளுக்கு அவ்வளவு காப்பு சுற்ற இடமில்லை. ஆகவே ஜெனரேட்டர் தனக்கு முடிந்த அழுத்தத்தில் கொடுக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் ராட்சத டிரான்ஸ்பார்மர் அதை 4,00,000-க்கு ஏற்றுகிறது. 24,000 ஆம்பியர் 1,450 ஆம்பியராக இறங்கிவிடும்.

அந்த மின்சாரம் ஒரு பேஸுக்கு நான்கு மூஸ் கம்பிகள் வைத்துக் கட்டிய லைனில் 100 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளின் தடை ஒரு பேஸுக்கு 1.4 ஓம் அளவில் இருக்கும். இழப்பு ஒன்பது மெகாவாட். அதாவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஏற்றாமல் 24,000 வோல்ட்டிலேயே அனுப்ப முயன்றால்? கணக்குப்படி 2,400 மெகாவாட் கம்பியிலேயே போக வேண்டும். அணு உலை தருவதே ஆயிரம்தான். ஆக, அது சிக்கனமில்லாத வழி என்று சொல்வதுகூடத் தவறு. அப்படி ஒரு வழியே இல்லை.

பிறகு இறக்கம். தமிழ்நாட்டில் 400 கிலோவோல்ட்டிலிருந்து 230, அங்கிருந்து 110, அப்புறம் 33 அல்லது 22 அல்லது 11, கடைசியில் 433. ஒவ்வொரு படியிலும் ஒரு துணை மின்நிலையம், ஒரு டிரான்ஸ்பார்மர். பஸ்ஸில் போகும்போது எந்த லைன் எத்தனை வோல்ட் என்று தெரிந்துகொள்ளச் சின்ன வழி ஒன்று உண்டு. கோபுரத்திலிருந்து கம்பியைத் தாங்கித் தொங்கும் பீங்கான் தட்டுகளை எண்ணுங்கள். 110-க்கு ஏழிலிருந்து ஒன்பது, 230-க்குப் பதினான்கு பக்கம், 400-க்கு இருபத்து மூன்று அளவில் இருக்கும்.

தட்டுகளை எண்ணினாலே ஏன் எல்லா இடத்திலும் பத்து லட்சம் வோல்ட் வைப்பதில்லை என்பதும் விளங்கும். காற்றுதான் இங்கே காப்பு. ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 30,000 வோல்ட்டுக்கு மேல் அழுத்தினால் காற்றே கடத்தத் தொடங்கும். வோல்ட் ஏற ஏறக் கோபுரம் உயர வேண்டும், கம்பிகள் விலக வேண்டும், அடியில் நிலம் அகலமாய்ப் போகும். மழைநாளில் 400 கிலோவோல்ட் லைனுக்கு அடியில் நின்றால் எண்ணெயில் அப்பளம் போட்டது போல் ஒரு 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும். கம்பியின் தோலருகே காற்று உடைந்து கசியும் சத்தம் அது. ஒரு தடித்த கம்பிக்குப் பதில் இடைவெளி விட்டு இரண்டோ நான்கோ கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவது அந்தக் கசிவைக் குறைக்கத்தான். ஆகவே தூரமும் சுமையும் எவ்வளவோ அதற்கேற்ற வோல்ட். ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும்போது, மாறுமின்சாரத்தை விட்டு நேர்மின்சாரத்துக்கே திரும்புவதுண்டு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் லைன் அப்படிப்பட்டது. ஆனால் எடிசனிடமில்லாத மின்னணுச் சாதனங்களால் அதை மாற்றுகிறார்கள். அங்கும் வோல்ட்டை ஏற்றி இறக்குவது இரு முனைகளிலும் நிற்கும் டிரான்ஸ்பார்மர்கள்தான்.

மாமாவின் தோட்டத்துக்குத் திரும்புகிறேன். அங்கே கடைசியில் செய்தது கோபுரத்தில் நடப்பதன் சின்ன வடிவம். சாலையோர டிரான்ஸ்பார்மரை நம்பாமல், 11,000 வோல்ட் லைனையே தோப்பைத் தாண்டி நீட்டி, நான்கு கிணறுகளுக்கும் நடுவில் 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றை இரட்டைக் கம்பத்தில் ஏற்றினார்கள். உயரழுத்த விநியோகம் என்று இதற்குப் பெயர். இது இலவசமாய் வரும் லாபம் அல்ல. ஒரு பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதில் பல சின்னவை என்றால் விலை கூடும். மோட்டார் ஓடாத நேரத்திலும் ஒவ்வொன்றும் காந்தத்துக்கென்று கொஞ்சம் தின்னும். ஆனால் இழப்பு எங்கே அதிகம் என்று பார்த்தால் நீண்ட தாழ்வழுத்தக் கம்பியில்தான்.

இன்னொரு லாபமும் இருந்தது, நான் எதிர்பார்க்காதது. 100 கே.வி.ஏ. பெட்டியில் யாருடைய சுமை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஃபியூஸ் போனால் யாராவது இரண்டு மூன்று கம்பிகளை முறுக்கிப் போட்டுவிடுவார்கள். ஃபியூஸ் அப்புறம் போகாது, சுருள்தான் போகும். காகிதக் காப்பின் ஆயுள் சூடு ஆறு டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது இந்தத் துறையில் பழைய கணக்கு. நான்கு பேருக்கு மட்டுமான பெட்டி என்றதும், ஐந்து எச்.பி. இடத்தில் ஏழரை எச்.பி. போடலாமா என்று கேட்டவரை மற்ற மூன்று பேரே தடுத்தார்கள். எரிந்தால் நான்கு வயலும் காயும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மாமா வாரம் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பது இரண்டு விஷயங்களை. எண்ணெய் அளவுக் கண்ணாடி. மூச்சுக்குழாயில் உள்ள சிலிக்கா மணிகளின் நிறம். எண்ணெய் சூடாகி விரிந்து ஆறும்போது பெட்டி காற்றை இழுக்கும். அந்த ஈரத்தை மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். நீலமாயிருந்தால் சரி, இளஞ்சிவப்பாகிவிட்டால் மாற்றச் சொல்ல வேண்டும்.

நான்கு மோட்டார்களும் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன். 412.